ரிலே ஆஃப் ஆகும்போது மட்டும் போர்டு தொங்குகிறது: காயிலில் டையோட் இருந்தும் ஏன்?

பலகைக்காரன்

வணக்கம். தொட்டி நிரப்ப ஒரு சின்ன கட்டுப்பாட்டுப் பெட்டி செய்தேன். ESP32 போர்டு, அதிலிருந்து இரண்டு 12 வோல்ட் ரிலேக்கள். முதல் ரிலே 230 வோல்ட் ஏசி காண்டாக்டரின் காயிலை இயக்குகிறது, அந்தக் காண்டாக்டர் பம்பை ஓட்டுகிறது. இரண்டாவது ரிலே, 230 வோல்ட் ஏசி காயில் உள்ள இன்னொரு சிறிய ரிலேயை இயக்குகிறது. அது வேறொரு பேனலுக்குச் செய்தி சொல்ல மட்டும்.

ஆன் செய்யும்போது ஒரு சிக்கலும் இல்லை. காண்டாக்டரை ஆஃப் செய்தால் நான்கைந்து முறைக்கு ஒரு முறை போர்டு உறைந்து போய், அப்புறம் தானே மீண்டும் தொடங்குகிறது. திரையில் வருவது இதுதான்:

```
rst:0x7 (TG0WDT_SYS_RESET)
```

இரண்டு 12 வோல்ட் ரிலே காயிலிலும் 1N4007 சரியான திசையில் போட்டிருக்கிறேன், மீட்டர் வைத்தும் பார்த்துவிட்டேன். வேறு எங்கே பார்ப்பது?

வேகமின்

1N4007 மெதுவான டையோட். அது விழித்துக்கொள்வதற்குள் ஸ்பைக் போர்டுக்குள் போய்விடும். UF4007 போடுங்கள், தீர்ந்துவிடும். எனக்கு வேறொரு வேலையில் அப்படித்தான் தீர்ந்தது.

கயல்மின்

வேகமின், டையோடில் மெதுவானது ஒன்று உண்டு, ஆனால் அது இங்கே வருகிற விஷயம் இல்லை. 1N4007 மெதுவாக இருப்பது, கடத்திக்கொண்டிருந்த டையோடை எதிர்த்திசை வோல்டேஜ் அணைக்கும்போது. ரிலே காயிலில் நமக்கு வேண்டியது அது முன்திசையில் திறப்பது. அதை அது போதுமான வேகத்தில் செய்துவிடும். ஸ்விட்சிங் பவர் சப்ளையில் நீங்கள் சொல்வது சரி. இங்கே மாற்றினாலும் நஷ்டமில்லை, ஆனால் போர்டு தொங்குவது நிற்காது.

பலகைக்காரன் தம்பி, எதையும் மாற்றுவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். ரிலேயின் காண்டாக்டில் எதையும் இணைக்காமல் 200 முறை ஆன், ஆஃப். அப்புறம் காண்டாக்டருக்குப் பதிலாக ஒரு குண்டு பல்பு இணைத்து 200 முறை. அப்புறம் பழையபடி காண்டாக்டரோடு. மூன்றிலும் எத்தனை முறை ரீசெட் என்று எண்ணிச் சொல்லுங்கள்.

பலகைக்காரன்

எண்ணிவிட்டேன். வெறும் ரிலே: 200-க்கு 0. பல்பு: 200-க்கு 0. காண்டாக்டர்: 200-க்கு 43. கண்ணாடி மூடி உள்ள ரிலே ஒன்றை மாட்டிப் பார்த்தபோது, ஆஃப் ஆகும் நொடியில் காண்டாக்ட் நடுவே நீலமாக ஒரு தீற்றல் தெரிகிறது. பல்பில் அது கிட்டத்தட்ட இல்லை. பல்புதான் அதிக கரண்ட் இழுக்கிறது, 60 வாட். காண்டாக்டர் காயில் வெறும் 40 மில்லிஆம்ப்தான். இதுதான் எனக்குப் புரியவில்லை.

கயல்மின்

உங்கள் எண்ணிக்கையே பாதி விடையைச் சொல்லிவிட்டது. 12 வோல்ட் பக்கத்தில் உள்ள டையோட் தன் வேலையைச் செய்கிறது, இல்லாவிட்டால் வெறும் ரிலேயிலேயே தொங்கியிருக்கும். கோளாறு பிறப்பது காண்டாக்டின் மறுபக்கம், காண்டாக்டர் காயிலில்.

உங்கள் காயிலையே கணக்கிட்டுப் பார்ப்போம். 230 வோல்டில் 40 மில்லிஆம்ப் என்றால் மொத்தத் தடை சுமார் 5750 ஓம். மீட்டரில் காயிலின் டிசி தடையை அளந்தால் சில நூறு ஓம்தான் வரும், 600 என்று வையுங்கள். மிச்சம் எல்லாம் இண்டக்டன்ஸ். 50 ஹெர்ட்ஸில் அது சுமார் 18 ஹென்றி. கரண்டின் உச்சத்தில், அதாவது 57 மில்லிஆம்பில், காண்டாக்ட் பிரிந்தால் காயிலில் தேங்கியிருக்கும் ஆற்றல் ½ × L × I², சுமார் 29 மில்லிஜூல். இரும்பு கொஞ்சம் தின்றுவிடும், ஆனால் பெரும்பகுதி எங்காவது போயாக வேண்டும்.

அது போகும் இடம் காயிலின் சுற்றுகளுக்கு இடையே உள்ள கெபாசிட்டன்ஸ். அது 1 நானோஃபாரட் என்று வைத்தால்:

```
V = I × √(L/C)
  = 0.057 × √(18 / 1e-9)
  ≈ 7600 V
```

7600 வோல்ட் உண்மையில் வராது. அதற்குள் காண்டாக்ட் இடைவெளியைத் தாண்டிவிடும். காற்றில் எவ்வளவு சிறிய இடைவெளியானாலும் சுமார் 330 வோல்டுக்குக் கீழே பொறி தாண்டாது, அதற்கு மேல் போனால் இடைவெளியைப் பொறுத்துத் தாண்டலாம். காண்டாக்ட் பிரியத் தொடங்கும் முதல் கணத்தில் இடைவெளி முடியளவுதான். அங்கே வோல்டேஜ் ஒரு மைக்ரோசெகண்டுக்கு 57 வோல்ட் வீதம் ஏறுகிறது. ஏறும், தாண்டும், சிந்திய கெபாசிட்டன்ஸ் சில நானோசெகண்டில் காலியாகும், பொறி அணையும், காயில் மறுபடி ஏற்றும், மறுபடி தாண்டும். இடைவெளி போதுமான அளவு விரியும்வரை இது நூற்றுக்கணக்கான முறை நடக்கலாம். நீங்கள் பார்த்த நீலத் தீற்றல் ஒரே பொறி அல்ல, ஒரு பொறிமழை.

போர்டைத் தொங்கவைப்பது இந்த மழைதான். அந்த நானோசெகண்ட் விளிம்புகள் கம்பியை ஆண்டெனாவாக்கி எதற்குள்ளும் நுழையும். பல்பில் கரண்ட் அதிகம் இருந்தாலும் தேங்கிய ஆற்றல் இல்லை, அதனால் வோல்டேஜ் மெயின்ஸைத் தாண்டி ஏறாது.

சுவிட்சுமணி

அப்படியானால் காண்டாக்டர் காயிலிலும் ஒரு 1N4007 போட்டுவிட்டால் ஆயிற்றே? 1000 வோல்ட் தாங்கும் டையோட்தானே.

கயல்மின்

வேண்டவே வேண்டாம். அது ஏசி காயில். ஒவ்வொரு சுழற்சியிலும் பாதி நேரம் அந்த டையோட் மெயின்ஸை நேராக ஷார்ட் செய்யும். ரிலே மூடிய உடனே டையோட் வெடிக்கும், இல்லாவிட்டால் ஃப்யூஸ் போகும், ரிலே காண்டாக்ட் ஒட்டிக்கொள்ளவும் செய்யும். டையோட் டிசி காயிலுக்கு மட்டும். ஏசிக்கு ஆர்சி ஸ்னப்பர்: ஒரு ரெசிஸ்டரும் ஒரு கெபாசிட்டரும் தொடராக.

மாறன்22

அந்த ரெசிஸ்டரை விட்டுவிடாதீர்கள். நான் ஒரு முறை வெறும் 0.47 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரை ரிலே காண்டாக்டுக்குக் குறுக்கே போட்டேன். பொறி சுத்தமாக நின்றது, எனக்கு ஒரே சந்தோஷம். மூன்றாவது நாள் ரிலே ஒட்டிக்கொண்டது. பிரித்துப் பார்த்தால் காண்டாக்ட் முகத்தில் ஊசி முனை அளவுக்கு உருகி ஒட்டிய ஒரு புள்ளி. விரலால் நெம்பினால் டிக் என்று விட்டது.

கயல்மின்

மாறன் சொன்னதுதான் ரெசிஸ்டரின் வேலை. காண்டாக்ட் திறந்திருக்கும்போது கெபாசிட்டர் 325 வோல்ட் வரை ஏறி நிற்கலாம். மூடும்போது அது முழுவதும் காண்டாக்ட் வழியே கொட்டும், தடுக்க எதுவும் இல்லாவிட்டால் பல பத்து ஆம்ப். 100 ஓம் இருந்தால் உச்சம் 3.25 ஆம்ப், ஒரு சாதாரண 10 ஆம்ப் ரிலே அதைப் பொருட்படுத்தாது.

ரெசிஸ்டரை அதிகமாக்கவும் கூடாது. காண்டாக்ட் பிரிந்த கணத்தில் காயில் கரண்ட் முழுக்க ஸ்னப்பருக்குள் திரும்பும். 57 மில்லிஆம்ப் 100 ஓமில் வெறும் 6 வோல்ட் தாவல், நல்லது. ஆயிரக்கணக்கான ஓம் போட்டால் அந்த முதல் தாவலே பொறியை எழுப்பும்.

கெபாசிட்டர் 0.1 மைக்ரோஃபாரட் என்றால் அதே கரண்ட் அதை மைக்ரோசெகண்டுக்கு 0.57 வோல்ட் வீதம்தான் ஏற்றும். 57 எங்கே, 0.57 எங்கே. வோல்டேஜ் 330-ஐத் தொட அரை மில்லிசெகண்டுக்கு மேல் ஆகும், அதற்குள் காண்டாக்ட் விலகிப் போயிருக்கும். ஒரு மைக்ரோசெகண்டுக்கு 1 வோல்டுக்குக் கீழே வைத்திருங்கள் என்று பெரியவர்கள் சொல்வது இதனால்தான். உச்சம் கணக்குப்படி சுமார் 765 வோல்ட், இரும்பு இழப்பினால் நிஜத்தில் அதைவிடக் குறையும்.

பாகங்கள் விஷயத்தில் இரண்டே சொல்கிறேன். கெபாசிட்டர் X2 வகையாக, 275 வோல்ட் ஏசி என்று அச்சிட்டதாக இருக்கட்டும். 400 வோல்ட் டிசி கெபாசிட்டரை மெயின்ஸில் வைக்காதீர்கள், பழுதானால் ஷார்ட்டாகித் தீப்பிடிக்கலாம். ரெசிஸ்டரில் சராசரி சூடு ஒன்றுமே இல்லை, ஆனால் ஒவ்வொரு மூடலிலும் 3 ஆம்ப் அறை வாங்குகிறது. கால் வாட் ஃபில்ம் ரெசிஸ்டரில் சுருளாக வெட்டிய மெல்லிய தடம் அதில் அறுந்துவிடும். 1 அல்லது 2 வாட் கம்பிச்சுற்று, இல்லாவிட்டால் கார்பன் காம்போசிஷன் போடுங்கள்.

நிலாத்தறி

எனக்கும் ரிலேயில் தொல்லை, இங்கேயே கேட்கிறேன். டைமர் ஆஃப் ஆன பிறகும் எல்ஈடி விளக்கு மங்கலாக எரிந்துகொண்டே இருக்கிறது. ரிலே காண்டாக்ட் ஒட்டிவிட்டதா? டைமரை மாற்ற வேண்டுமா?

கயல்மின்

ஒட்டியிருந்தால் முழு வெளிச்சம் வரும். மங்கல் என்றால் அந்த டைமருக்குள் காண்டாக்டுக்குக் குறுக்கே ஸ்னப்பர் இருக்க வாய்ப்பு அதிகம். 0.1 மைக்ரோஃபாரட் 230 வோல்ட் 50 ஹெர்ட்ஸில் 7 மில்லிஆம்ப் விடும். பழைய குண்டு பல்பு அதைக் கவனிக்கவே கவனிக்காது, எல்ஈடிக்கு அது போதும். விளக்குச் சுமைக்கு அந்த ஸ்னப்பர் பெரும்பாலும் தேவையில்லை, அது இல்லாத டைமர் பாருங்கள்.

பலகைக்காரன்

அக்கா, கிடைத்தது. 100 ஓமும் 0.1 மைக்ரோஃபாரடும் ஒரே கட்டியாக வார்த்த ரெடிமேட் ஸ்னப்பர் இரண்டு. போர்டில் திருகு முனை கைக்கு எட்டியதால் இரண்டு ரிலேயின் காண்டாக்டுக்கும் குறுக்கே மாட்டினேன். காண்டாக்டர்: 200-க்கு 1 ரீசெட். நீலத் தீற்றல் கண்ணுக்குத் தெரியவில்லை.

ஆனால் இரண்டாவது சேனலில் புதுத் தொல்லை. அந்தச் சின்ன ஏசி ரிலே ஒரு முறை ஆன் ஆனால் ஆஃப் ஆவதே இல்லை. என் 12 வோல்ட் ரிலே டிக் என்று விடுகிறது, அது விடுவதில்லை. ஆஃப் நிலையில் அதன் காயில் முனையில் மீட்டர் வைத்தேன்: 261 வோல்ட். மெயின்ஸ் 231-தான். தொட்டால் ஆன் நிலையில் இருப்பதைவிட ஆஃபில்தான் அதிகச் சூடு. மீட்டர் கெட்டுவிட்டதா?

வேகமின்

ஸ்னப்பர் ஷார்ட்டாகியிருக்கும். மாற்றுங்கள்.

மாறன்22

ஷார்ட்டானால் 231 வரும், 261 எப்படி வரும்?

கயல்மின்

மீட்டர் நன்றாகவே இருக்கிறது, ஸ்னப்பரும் நன்றாகவே இருக்கிறது. அந்தக் காயிலின் டிசி தடை எவ்வளவு?

பலகைக்காரன்

28 கிலோஓம். மேலே 5 மில்லிஆம்ப் என்று அச்சிட்டிருக்கிறது.

கயல்மின்

அப்படியானால் கேளுங்கள். 230 வோல்டில் 5 மில்லிஆம்ப், மொத்தத் தடை 46 கிலோஓம். அதில் 28 கம்பித் தடை, இண்டக்டன்ஸின் பங்கு சுமார் 36 கிலோஓம். உங்கள் ஸ்னப்பர் கெபாசிட்டரின் பங்கு 50 ஹெர்ட்ஸில் 32 கிலோஓம். ரிலே திறந்தபோது நீங்கள் காயிலை அணைக்கவில்லை, காயிலோடு கெபாசிட்டரைத் தொடராக இணைத்திருக்கிறீர்கள். இண்டக்டன்ஸும் கெபாசிட்டன்ஸும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். 36-இல் 32 போனால் மிச்சம் 4. ஆகவே கரண்டைத் தடுக்க கிட்டத்தட்ட அந்த 28 கிலோஓம் மட்டுமே நிற்கிறது. அது 8 மில்லிஆம்ப், அதாவது ஆன் நிலையைவிட அதிகம். இரும்பு நிறைவடைவதால் இண்டக்டன்ஸ் குறைந்து 261-இல் நிற்கிறது, இல்லாவிட்டால் இன்னும் மேலே போயிருக்கும். சூடு கரண்டின் இருமடிக்கு ஏறுவதால் காயிலில் இப்போது இரு மடங்குக்கு மேல் எரிகிறது. இன்றே கழற்றிவிடுங்கள், அந்தக் காயில் பல நாள் தாங்காது.

ஸ்னப்பர் கெட்டதில்லை, இடம்தான் தவறு. அதையே எடுத்து அந்தச் சின்ன ரிலேயின் காயில் முனைகளிலேயே மாட்டுங்கள். காண்டாக்ட் திறந்தால் கசிவு என்ற பேச்சே இல்லை. காண்டாக்ட் பிரியும்போது காயில் கரண்ட் பக்கத்திலேயே உள்ள கெபாசிட்டருக்குள் சுற்றும், காண்டாக்டின் வோல்டேஜ் அதே நிதானத்தோடுதான் ஏறும். இதோடு இன்னொரு லாபமும் உண்டு: கழற்றிய பிளக்கில் சார்ஜ் தேங்கி நிற்காது, காயிலே அதைக் குடித்துவிடும்.

காண்டாக்டருக்கும் அதே இடம்தான் நல்லது. 40 மில்லிஆம்ப் காயில் 9 மில்லிஆம்பில் விட்டுவிடுகிறது, சரி. ஆனால் ஆஃப் செய்த பிறகும், காண்டாக்டர் விடும்வரை காயிலில் சுமார் 50 வோல்ட் நிற்கும். விடுவதற்கான அளவு காயில் வோல்டேஜில் 20 விழுக்காடு வரை இறங்கலாம், அந்த 50 வோல்ட் கிட்டத்தட்ட அதே இடத்தில்தான் இருக்கிறது. நாள்பட்டு காந்த இரும்பின் முகத்தில் பிசுக்கு ஏறினால் விடாமல் உறுமும்.

மாறன்22

இங்கே நான் உடன்படவில்லை. காயிலில் மாட்டினால் காயிலிலிருந்து வருவது மட்டுமே அடங்கும். பெட்டியிலிருந்து காண்டாக்டர் வரை நீளமான கம்பி இருந்தால் அந்தக் கம்பிக்கும் இண்டக்டன்ஸ், கெபாசிட்டன்ஸ் உண்டு. காண்டாக்டில் இருந்தால் அதையும் சேர்த்து ஆற்றும். நான் பெரிய பேனல்களில் காண்டாக்டில்தான் போடுகிறேன், சுமை கனமானது என்றால் கசிவு பிரச்சினையே இல்லை.

கயல்மின்

கம்பி நீளம் பற்றிச் சொன்னது சரி. கனமான சுமைக்கு உங்கள் வழியும் சரி. ஆனால் இவருடைய சுமை 5 மில்லிஆம்ப்.

வேகமின்

எதற்கு இவ்வளவு கணக்கு, காயிலுக்குக் குறுக்கே ஒரு வாரிஸ்டர் போதாதா? கசிவும் இல்லை, ரெசிஸ்டரும் வேண்டாம். 275 வோல்ட் ஏசி வாரிஸ்டர் எங்கள் எல்லாப் பெட்டியிலும் இருக்கிறது, ஒன்றும் ஆகவில்லை.

கயல்மின்

வாரிஸ்டர் உச்சத்தை வெட்டும், அது உண்மை. 275 வகை சுமார் 430 வோல்டுக்கு மேல்தான் பிடிக்கத் தொடங்கும். ஆனால் ஏறும் வேகத்தைத் தொடாது. 330-இலேயே தாண்டத் தொடங்கும் பொறிமழை அதுவரை தாராளமாகப் பெய்யும். உங்கள் பெட்டிகளில் மைக்ரோகன்ட்ரோலர் காண்டாக்டுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது? தூரமாக இருந்தால் தெரியாமலே இருந்திருக்கும். காயிலின் இன்சுலேஷனைக் காக்க வாரிஸ்டர் நல்ல துணை, ஸ்னப்பரோடு சேர்த்துப் போடலாம்.

வேகமின்

எங்கள் பெட்டிகளில் உள்ளது வெறும் டைமர், கன்ட்ரோலர் இல்லை. சரி, அந்த வித்தியாசம் இருக்கலாம். ஒரு பெட்டியில் கன்ட்ரோலர் வைத்துப் பார்த்துச் சொல்கிறேன்.

சுவிட்சுமணி

ஒரு சந்தேகம். 12 வோல்ட் பக்கத்து டையோட் ரிலே விடுவதைத் தாமதப்படுத்தும் என்கிறார்களே, அதுவும் இந்தப் பொறிக்குக் காரணமா?

கயல்மின்

நல்ல கேள்வி. டையோட் இருந்தால் காயில் கரண்ட் அதற்குள்ளேயே சுற்றி மெதுவாக இறங்கும். அதனால் காண்டாக்ட் பிரிவது சில மில்லிசெகண்ட் தாமதமாவது மட்டுமல்ல, பிரியும்போதும் சோம்பலாகப் பிரியும். குறுகிய இடைவெளி அதிக நேரம் நீடிப்பதால் பொறிக்கு வாய்ப்பு கூடும். டையோடோடு தொடராக, எதிர்த்திசையில் ஒரு 24 வோல்ட் ஜீனர் வைத்தால் கரண்ட் வேகமாக இறங்கும். அப்போது ரிலே காயிலை ஓட்டும் டிரான்சிஸ்டர் 12-உம் 24-உம் சேர்ந்து சுமார் 37 வோல்ட் தாங்க வேண்டும். BC547-இன் எல்லை 45, ஒரு மாதிரி நெருக்கம்தான். தம்பியின் பெட்டியில் முதல் வேலை அது இல்லை.

பலகைக்காரன்

இரண்டு ஸ்னப்பரையும் காயில் முனைகளுக்கே மாற்றிவிட்டேன். சின்ன ரிலே உடனே விடுகிறது, ஆஃபில் மீட்டர் 0 காட்டுகிறது, காயில் குளிர்ந்திருக்கிறது. இரவு முழுக்க இரண்டு சேனலையும் 1000 முறை தட்டவிட்டேன். இரண்டாவது சேனல்: 0 ரீசெட். காண்டாக்டர்: 1000-க்கு 3.

அந்த மூன்றுதான் உறுத்துகிறது. காண்டாக்டர் பெட்டியிலிருந்து 20 மீட்டர் தள்ளி இருக்கிறது. அதன் கம்பியும் மிதவை சென்சாரின் கம்பியும் ஒரே பைப்பில் போகின்றன.

மாறன்22

20 மீட்டரா! முதலிலேயே சொல்லியிருக்கலாமே. காண்டாக்டில் இன்னொரு ஸ்னப்பர் போடுங்கள், ஆனால் சின்னதாக, 10 நானோஃபாரட். 1 மில்லிஆம்புக்குக் கீழேதான் கசியும்.

கயல்மின்

எனக்கு சென்சார் கம்பி மேல்தான் சந்தேகம். இரண்டும் 20 மீட்டர் ஒட்டி ஓடினால் எதைப் போட்டாலும் கொஞ்சம் தாவும். ஒன்றை மட்டும் மாற்றி எண்ணுங்கள்: முதலில் சென்சாரைப் போர்டிலிருந்து கழற்றிவிட்டு 1000 முறை. அப்போதும் 3 வந்தால் மாறன் சொன்னதைச் செய்யுங்கள், 0 வந்தால் கம்பியைப் பிரித்து இழுங்கள். ஆஸிலாஸ்கோப்பில் பார்க்க ஆசைப்பட்டால் சாதாரண புரோபின் கிரவுண்ட் கிளிப்பை மெயின்ஸில் மாட்டிவிடாதீர்கள், டிஃபரன்ஷியல் புரோப் வேண்டும்.

பலகைக்காரன்

சென்சாரைக் கழற்றி ஓட்டம் தொடங்கிவிட்டேன். இப்போது 412, இதுவரை 0. காலையில் எழுதுகிறேன்.